நந்தனம் முதல் போர்ட் பிளேர் வரை: வலையமைப்பின் நான்கு வட்டங்கள்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு வலையமைப்பு. அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு அதை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம். ஓர் ஆளின் கைக்கெட்டும் தூரத்துக்குள் இருப்பது தனிநபர் வலையமைப்பு. ஒரு வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ அடங்குவது குறும்பரப்பு வலையமைப்பு. ஒரு நகரத்தின் அளவுக்கு விரிவது மாநகர வலையமைப்பு. நகரத்தைத் தாண்டி மாநிலம், நாடு, கடல் எனப் போவது விரிபரப்பு வலையமைப்பு. வகுப்பறையிலும் வேலையிடத்திலும் இவற்றுக்குப் பான், லேன், மேன், வேன் என்ற சுருக்கப் பெயர்களே வழங்குகின்றன.

பரப்பு என்பது இந்தப் பிரிவினையின் ஒரு பாதிதான். இன்னொரு பாதி, பாதை யாருடையது என்பது. வீட்டு வாசல்வரை பாதை வீட்டுக்காரருடையது. வாசலைத் தாண்டினால் வேறொருவருடையது. பழுது வரும்போது யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு விடை இந்தப் பாதியில்தான் இருக்கிறது.

நான்கையும் ஒரே அழைப்பில் பார்க்கலாம். நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி. அங்கே ஓர் அம்மா, அந்தமானில் வேலை பார்க்கும் மகனிடம் வீடியோ காலில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் இருப்பது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில். அம்மா காதில் ஒயரில்லாத இயர்போன், கையில் கைபேசி, கூடத்துச் சுவரில் வைஃபை பெட்டி. மகனின் குரல் வங்கக் கடலைக் கடந்து அந்தக் காதுக்கு வந்து சேர்வதற்குள் நான்கு வட்டங்களையும் தாண்டிவிடுகிறது.

உள்வட்டம் இயர்போனுக்கும் கைபேசிக்கும் இடையில் இருப்பது. இங்கே வேலை செய்வது புளூடூத் என்னும் குறைந்த ஆற்றல் ரேடியோ. அது வெளியிடும் ஆற்றல் சில மில்லிவாட்தான். பொதுவாகப் பத்து மீட்டர் வரை எட்டினால் போதும் என்றே அமைக்கப்படுகிறது. இந்தக் குறுகிய எட்டல் ஒரு குறை அல்ல. மிகச் சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டு இயர்போன் மணிக்கணக்கில் ஓட வேண்டும். அடுத்த வீட்டு இயர்போனுக்கும் இடைஞ்சல் ஆகக் கூடாது. மாலை நேரத்து மெட்ரோ ரயிலில் ஒரே பெட்டியில் ஐம்பது பேர் ஐம்பது பாட்டுக் கேட்க முடிவது இதனால்தான். அதோடு இன்னொரு தந்திரமும் உண்டு. புளூடூத் தனக்கான அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. இணைக்கப்பட்ட இரண்டு கருவிகளுக்கும் தாவும் வரிசை தெரியும்; மற்றவற்றுக்குத் தெரியாது. ஒரு தாவலில் அடுத்தவரோடு மோதினாலும் அடுத்த தாவலில் விலகிவிடும்.

இந்த வட்டத்தில் வரும் பழுதுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. கைபேசி இடப்பக்கப் பின் பாக்கெட்டில் இருக்கும்போது வலக்காதில் குரல் விட்டுவிட்டு வரும். கைபேசியைக் கையில் எடுத்தவுடன் சரியாகிவிடும். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைத் தண்ணீர் உறிஞ்சும். மனித உடம்பிலோ பெரும்பகுதி தண்ணீர். இடையில் நிற்கும் சுவர் நம் உடம்பேதான். இயர்போனைக் கழற்றிவிட்டுக் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் குரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. தெளிவாக இருந்தால் குற்றம் இந்த உள்வட்டத்தில். மற்ற மூன்றையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கைக்கடிகாரமும் கைபேசியும் பேசிக்கொள்வது, கம்பியில்லாத விசைப்பலகை மடிக்கணினியோடு பேசுவது எல்லாம் இதே வகை. கைபேசியிலிருந்து இயர்போன், கடிகாரம் எனப் பல கருவிகளை ஒன்றாக இணைக்கலாம். மரபான புளூடூத்தில் ஒரு தலைமைக் கருவியின் கீழ் ஒரே நேரத்தில் ஏழு கருவிகள் வரை செயல்படலாம்.

அடுத்தது கூடத்துச் சுவரில் உள்ள பெட்டி ஆளும் வட்டம். அதைப் பெரும்பாலோர் வைஃபை என்றோ மோடம் என்றோ சொல்கிறார்கள்; அதன் முக்கியமான வேலையைச் சொல்லும் பெயர் ரூட்டர். அம்மாவின் கைபேசி, தொலைக்காட்சி, பேத்தியின் மடிக்கணினி, பிரிண்டர் எல்லாம் அதோடு இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கும். `192.168.1.5`, `192.168.1.6` என்பதைப் போல அந்த எண்கள் இருக்கும். பல வீடுகளில் ரூட்டரின் சொந்த எண் `192.168.1.1`.

முதன்முறை படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. கீழ் வீட்டு ரூட்டரின் எண்ணும் `192.168.1.1` ஆகவே இருக்கலாம். எதிர் வீட்டிலும் அப்படியே. `192.168` என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. ஊரில் எத்தனை தெருவில் வேண்டுமானாலும் கதவு எண் 5 இருக்கலாம் என்பது போலத்தான். அந்த எண் செல்லுபடியாகும் எல்லையே குறும்பரப்பு வலையமைப்பின் எல்லை. அந்த எல்லையில் சோதனைச் சாவடியாக ரூட்டர் நிற்கிறது. கைபேசியின் வைஃபை பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் பத்துத் தெரிவதால் அவையெல்லாம் ஒரே வலையமைப்பு ஆகிவிடாது. அலைகள் சுவரைத் தாண்டி வருகின்றன. வலையமைப்பு தாண்டி வரவில்லை.

அந்த அலைகளுக்கும் சுவர் ஒரு பொருட்டுதான். பழைய அடுக்ககங்களின் கனமான செங்கல் சுவரும் கான்கிரீட் தூண்களும் கூடத்து அலையைப் படுக்கையறைக்குப் போகும் முன்பே தளரவைக்கின்றன. ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்கும். ஐந்து வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 மெதுவாக, ஆனால் இன்னும் ஓர் அறை தள்ளிப் போகும். காற்றை நம்பாமல் கம்பி இழுத்தால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு: சாதாரணச் செம்புக் கம்பி லேன் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வீட்டுக்கு இது தாராளம். நந்தனம் அரசு கலைக் கல்லூரி போலப் பல கட்டடங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் வளாகத்தில் போதாது. அத்தகைய வளாகங்களில் கட்டடத்துக்குள் செம்பும் கட்டடங்களுக்கு இடையே கண்ணாடி இழையுமாக அமைப்பார்கள். அதுவும் குறும்பரப்பு வலையமைப்புதான், ஏனென்றால் முதலிலிருந்து கடைசிவரை பாதை ஒரே நிர்வாகத்தின் கையில்.

ஒரு மடிக்கணினியிலிருந்து இந்த வட்டத்தை மட்டும் தனியே சோதிக்கலாம். ரூட்டரின் எண் தெரிந்தால் இப்படிக் கேட்க வேண்டும்:

```
ping 192.168.1.1
```

ரூட்டருக்கு ஒரு சிறு பொட்டலம் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை இது சொல்லும். ஒரு மில்லிநொடியிலிருந்து ஐந்து மில்லிநொடிக்குள் பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் நலம். பதில் நூறு, இருநூறு என்று தாறுமாறாக ஏறி இறங்கினால் வைஃபை அலை தளர்ந்திருக்கிறது. அப்போது சேவை நிறுவனத்துக்குப் போன் செய்து பயனில்லை. ரூட்டரை வைத்த இடத்தை மாற்ற வேண்டும்.

ரூட்டருக்குப் பின்னால் முடியிழைபோல மெல்லிய ஒரு கண்ணாடி இழை சுவரைத் துளைத்து வெளியேறுகிறது. மாநகர வட்டம் அங்கே தொடங்குகிறது. பொறியாளர்கள் மேன் என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை, மெட்ரோ என்கிறார்கள். நந்தனத்தில் மெட்ரோ என்றால் யாருக்கும் ரயில்தான் நினைவுக்கு வரும். அந்த ரயிலே இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

நந்தனம் மெட்ரோ நிலையம் 2018 மே 25 அன்று திறக்கப்பட்டது. தரைக்கு அடியில் இருக்கும் அந்த நிலையத்தின் டிக்கெட் கதவுகள், கேமராக்கள், அறிவிப்புப் பலகைகள் நிலையத்துக்குள் இணைந்திருப்பது குறும்பரப்பு. ஆனால் ரயில்களின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையம் கோயம்பேட்டில் இருக்கிறது. சுமார் 54 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்டப் பாதையின் நிலையங்கள் எல்லாம் தடத்தை ஒட்டி ஓடும் கண்ணாடி இழை வழியாக அந்த மையத்தோடு பேசுகின்றன. நிலையத்துக்கு ஒன்றாகப் பல குறும்பரப்பு வலையமைப்புகள், ஒரு நகரத்துக்குள், ஒரு பொது முதுகெலும்பால் கோக்கப்பட்டிருக்கின்றன. மாநகர வலையமைப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

வீட்டு இழைக்குத் திரும்புவோம். மூன்றாம் மாடியிலிருந்து வெளியேறும் இழை மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவியோ, மரக்கிளையிலும் விளக்குக் கம்பத்திலும் தொங்கியோ தெருவில் உள்ள ஒரு சிறு பெட்டிக்குப் போகிறது. சென்னையில் அண்ணாந்து பார்த்தால் தெரியும் கறுப்புக் கம்பிச் சுருள்களில் பெரும்பகுதி இந்த வகைதான். பெட்டிக்குள் இருப்பது ஒளிப் பிரிப்பான். தொலைபேசி நிலையத்திலிருந்தோ சேவை நிறுவனத்தின் அறையிலிருந்தோ ஒற்றை இழையில் வரும் ஒளியை அது 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம். முப்பட்டகம் போல வெறும் கண்ணாடி வேலை. இந்தியாவில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் இப்படிப்பட்ட இணைப்பு 20 கிலோமீட்டர் வரை எட்டும்.

பங்கு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இந்த முறையில் நிலையத்திலிருந்து வீடுகளை நோக்கி வரும் மொத்த வேகம் நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட். அறுபத்து நான்கு வீடுகளும் ஒரே நொடியில் முழுமூச்சாகக் கேட்டால் ஒரு வீட்டுக்கு 39 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் 100 மெகாபிட் திட்டங்கள் விற்கப்படுகின்றன; அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில் பலிக்காமல் போகலாம்.

இந்த வட்டத்துக்கு உரிய பழுது, இழை அறுபடுவது. சாலை தோண்டுதல், மரம் சாய்தல், மெட்ரோ வேலை, எலி எனக் காரணங்கள் பல. ரூட்டரோடு இணைந்த ஃபைபர் பெட்டியில் LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், நிலையத்திலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போதும் கைபேசியில் வைஃபை முழுக் கோட்டோடு தெரியும். ரூட்டர் நன்றாக இருக்கிறது. அதற்குப் பின்னால்தான் பாதை இல்லை. "வைஃபை இருக்கு, நெட் வரல" என்று வீடுகளில் சொல்வது மிகச் சரியான கண்டறிதல்: குறும்பரப்பு நலம், மாநகரப் பரப்பில் கோளாறு.

அறுந்த இடத்தை ஊழியர் தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை. நிலையத்தின் முனையில் ஓடிடிஆர் என்னும் கருவியைப் பொருத்தி இழைக்குள் ஒரு குறுகிய ஒளித் துடிப்பை அனுப்புவார். அறுந்த முனையில் மோதி ஒளியின் ஒரு பங்கு திரும்பி வரும். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மைக்ரோநொடியில் சுமார் 200 மீட்டர் போகும். எதிரொளி 12 மைக்ரோநொடி கழித்து வந்தது என்றால் போக வர 2,400 மீட்டர். ஆக அறுந்த இடம் 1,200 மீட்டர் தொலைவில். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்கும் நேரத்தை வைத்து ஆழம் கணிப்பது போன்றதுதான் இது. இழையின் நீளம் தெருவின் நீளம் அல்ல என்பது ஒன்றுதான் சிக்கல். கம்பங்களில் சுற்றி வைத்த உபரிச் சுருள்களும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், கருவி காட்டும் இடத்துக்குச் சற்று முன்னாலிருந்தே தேடத் தொடங்குவார்கள்.

இனி அழைப்பு சென்னையைத் தாண்ட வேண்டும். நகரங்களையும் நாடுகளையும் இணைக்கும் விரிபரப்பு வலையமைப்பை ஒரு வீடோ ஒரு நகரமோ சொந்தமாக வைத்திருக்க இயலாது. அது பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து வாடகைக்குப் பெறும் பாதை. வங்கியின் கிளைகள் தலைமையகத்தோடு பேசுவதும், ரயில்வே முன்பதிவு நிலையங்கள் மையக் கணினியோடு பேசுவதும் இப்படித்தான். இந்த வகையில் எல்லாவற்றையும்விடப் பெரியது இணையம்.

அந்தமானின் கதை இங்கே உதவும். பல ஆண்டுகள் அந்தத் தீவுகளின் தகவல்தொடர்பு செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் பேசிய சொல் மேலே போய்க் கீழே இறங்க 72,000 கிலோமீட்டர். வெளியில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்பதால் இதற்குக் கால் நொடி ஆகும். பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டு அரை நொடி மௌனத்துக்குப் பிறகே மகன் வாய் திறந்ததுபோல் இருக்கும். அதற்குள் அம்மா மறுபடி கேட்டிருப்பார். இரண்டு குரலும் மோதும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு நிற்காமல் கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட மற்றத் தீவுகளுக்கும் போவதால் அதன் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் 1,400 கிலோமீட்டரை ஒட்டியது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதாவது வெளியில் போவதைவிட மெதுவாக. அப்படியிருந்தும் ஒரு பக்கம் போக 7 மில்லிநொடி, போய் வர 14. இடையில் உள்ள கருவிகள் இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் காதுக்குத் தெரியாது. மெதுவான ஒளி வென்றதற்குக் காரணம் பாதை குறுகியதுதான்.

கடலடிக் கேபிளில் ஒளி தானாக இவ்வளவு தூரம் போய்விடுவதில்லை. போகப் போக மங்குவதால் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை கேபிளோடு கோத்த பெருக்கிகள் அதை மீண்டும் வலுவாக்குகின்றன. அவற்றுக்கான மின்சாரமும் கரையிலிருந்து அதே கேபிளுக்குள் ஓடும் உலோகக் கடத்தி வழியாகத்தான் போகிறது. பழுது வந்தால் தெருப் பழுதுபோல ஏணியோடு ஓர் ஆளை அனுப்ப முடியாது. கப்பல் வந்து அறுந்த முனையைக் கொக்கி போட்டு மேலே தூக்க வேண்டும். நாள்களோ வாரங்களோ ஆகும்.

சென்னையில் இப்படிப்பட்ட கேபிள்கள் பல கரையேறுகின்றன. சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கேபிள் 2002இலிருந்து இயங்குகிறது. அதன் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகு, கடலடிக் கேபிள் ஒன்று பாதிக்கப்பட்டதால் இணையம் மெதுவாகியது. அப்போது இணைப்பு மெதுவானதே தவிர முற்றிலும் நிற்கவில்லை. விரிபரப்பில் ஒரு பாதை அடைபட்டால் தகவல் வேறு பாதையில் திரும்பிப் போகும். அந்தப் பாதையில் நெரிசல் கூடும். சில தளங்கள் வழக்கம்போல் திறக்கும், சில மட்டும் இழுத்தடிக்கும் என்பது இந்த வட்டத்துப் பழுதின் அடையாளம். தகவல் எந்தெந்த ரூட்டர்களைத் தாண்டிப் போகிறது என்பதை விண்டோஸ் கணினியில் இப்படிப் பார்க்கலாம்:

```
tracert 8.8.8.8
```

முதல் வரியில் வீட்டு ரூட்டரின் எண் இருக்கும். அடுத்த சில வரிகள் சேவை நிறுவனத்தின் நகர வலையமைப்பு. அங்கே நேரம் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். பிறகு ஒரு வரியில் நேரம் சட்டென்று இருபது, முப்பது மில்லிநொடிக்கு ஏறினால் தகவல் ஊரைவிட்டு வெளியே போய்விட்டது என்று ஊகிக்கலாம். சில வரிகளில் நேரத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி வரும். பெரும்பாலும் அந்த ரூட்டர் பதில் சொல்ல மறுக்கிறது என்பதே அதன் பொருள்; அடுத்த வரிகளில் நேரம் மீண்டும் தெரிந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம்.

நான்கு வட்டங்களுக்கும் இடையே கோடு கிழிப்பது எப்போதும் எளிதல்ல. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தால் அது தனிநபர் வலையமைப்பா, குறும்பரப்பா? ஒருவர் தம் கருவிகளை மட்டும் இணைத்தால் முன்னது, வீட்டில் ஐந்து பேர் தொற்றிக்கொண்டால் பின்னது என்று பாடநூல்களே இரண்டு விதமாகச் சொல்லும். இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

ஆனால் ஒரு தவறு மட்டும் உண்மையாகவே வழிதப்பச் செய்யும். வகையைத் தீர்மானிப்பது பேசும் இருவருக்கு இடையே உள்ள தூரம் அல்ல, தகவல் போகும் பாதையின் தூரம். அம்மா அதே கூடத்தில் அதே சோபாவில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால், அது ரூட்டரைத் தாண்டி, நகர இழையைத் தாண்டி, வெகுதொலைவில் உள்ள சர்வருக்குப் போய் அதே வழியாக அதே கூடத்துக்குத் திரும்புகிறது. பேத்தி பக்கத்து அறைப் பிரிண்டருக்கு அனுப்பும் பக்கம் ரூட்டரோடு திரும்பிவிடுகிறது. ரூட்டருக்கு வரும் கண்ணாடி இழையைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் இது கண்கூடாகத் தெரியும். மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டால், பிரிண்டர் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சோபாவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அனுப்பிய படத்தின் மேல் கடிகாரக் குறி அப்படியே நிற்கும்.